மூன்று முறை மழை

இராக்கியக் கவிஞர் பத்ர் ஷாகிர் அஸ்ஸய்யாப் 1954-ல் வெளியிட்ட 'மழைப் பாட்டு' நெடுங்கவிதைதான். ஆனால் அதை ஆங்கிலத்தில் பெயர்ப்பவரை மடக்குவது அதன் மிகச் சிறிய இடம். மழை என்று பொருள்படும் 'மதர்' என்ற சொல் தனியே ஒரு வரியாக நிற்கிறது, அடுத்தடுத்து மூன்று முறை. மேலோட்டமாகப் பார்த்தால் இதில் சிக்கலே இல்லை; 'ரெய்ன்' என்று மூன்று வரி எழுதிவிட்டு நகரலாம். அந்த வரிமுறிவு வெறும் இடைவெளி என்றால் அது சரிதான். ஆனால் அரபுப் புதுக்கவிதை யாப்பை உதறவில்லை. பழைய பாட்டில் ஒவ்வொரு வரிக்கும் சீர்க் கணக்கு உண்டு. புதியவர்கள் சீரை வைத்துக்கொண்டு கணக்கை மட்டும் விட்டார்கள். எனவே வரி முறிவதைக் கண்ணுக்கு முன்பே காது அறிகிறது. இந்தக் கவிதையின் சந்தம் ரஜஸ். அதன் சீர் 'முஸ்தஃப்இலுன்'. நம் யாப்பில் சொன்னால் நேர் நேர் நிரை, தேமாங்கனி. 'மதர்' ஒரு நிரையசை, அதாவது தேமாங்கனியில் 'கனி' மட்டும். கவிதையின் பல வரிகள் இதே அளவுள்ள அசையில்தான் முடிகின்றன. ஆக, தலையும் உடலும் இல்லாமல் ஒரு வரியின் வால் மட்டும் மூன்று முறை கேட்கிறது. 'ரெய்ன்' நேரசை, அந்த வால் அதில் இல்லை.

ஆங்கில வாசகருக்கு ரஜஸ் தெரியாது, இல்லாத காதுக்காக ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். சந்தத்தின் பெயர் தெரியாவிட்டாலும் குறிலிலிருந்து கனத்துக்கு ஏறும் அடி யார் காதிலும் விழும். ஆங்கிலத்தின் பழகிய நடையே அதுதான். 'த ரெய்ன்' என்று எழுதினால் அந்த ஏற்றம் அப்படியே கிடைத்துவிடுகிறது. ஆனால் அரபியிலும் 'அல்' என்ற சுட்டு உண்டு. கவிஞர் அந்த வரிகளில் அதைச் சேர்க்கவில்லை. சுட்டு வந்ததும் மழை 'அந்த மழை' ஆகிவிடும், ஏற்கெனவே தெரிந்த ஒன்றாக. சொட்டும் ஒலியைச் சேர்த்து ஈடுகட்டலாம் என்பது இன்னொரு யோசனை. அது எனக்கு ஒப்பவில்லை. குழந்தைப் பாட்டின் சாயல் வந்துவிடும். காரணம், 'மதர்' அவ்வளவு சாதுவான சொல் அல்ல. குர்ஆனில் அது பெரும்பாலும் தண்டனையாக இறங்கும் மழை, லூத்தின் கூட்டத்தார் மீது பொழிந்ததைப்போல. வறட்சி தீர்க்கும் மழைக்கு 'கய்ஸ்' என்ற வேறு சொல் இருக்கிறது. அன்றாட அரபியில் 'மதர்' சாதாரண மழைதான் என்பதும் உண்மை. ஆனால் மழையையும் பசியையும் ஒரே மண்ணில் காட்டும் கவிதையில் அந்தப் பழைய நிழலை முற்றிலும் தள்ளிவிட முடியவில்லை.

ஆகவே சுட்டில்லாத 'ரெய்ன்' பக்கமே சாய்கிறேன். பொருள் திறந்தே இருக்கட்டும், அசை போனால் போகட்டும் என்று. மூன்றையும் வாய்விட்டுப் படித்தால் மூன்று கல் விழுவதுபோல இருக்கிறது. அரபியில் அது ஏறி ஏறி வந்தது. அப்போது 'த' வேண்டும்போல் தோன்றுகிறது. எழுதிப் பார்த்தால், வேண்டாம் என்று அடிக்கத் தோன்றுகிறது.