தரகருக்கு ஒரு மின்னஞ்சல்

"கிண்டியில் 12 பேருக்கு ஆபீஸ் வேண்டும், பட்ஜெட் 70,000" என்று தரகருக்கு எழுதினால், 66,000 ரூபாய் வாடகையில் ஓர் இடம் காட்டுவார்: 1,200 சதுர அடி, அடிக்கு 55 ரூபாய். பராமரிப்பு அடிக்கு 8 ரூபாய், மொத்தத்துக்கும் 18% ஜிஎஸ்டி என்றால் 89,208 ஆகிவிடும். அந்த 1,200-லும் படிக்கட்டு, லிஃப்ட் பங்கெல்லாம் கழித்தால் நாற்காலி போட 840 மிஞ்சினாலே அதிர்ஷ்டம்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "12 பேர். கார்ப்பெட் ஏரியா 800 சதுர அடிக்குக் குறையக் கூடாது. பராமரிப்பு, ஜிஎஸ்டி உட்பட மாதம் 70,000-க்குள். 2 கார், 9 பைக் நிறுத்தும் இடம் வளாகத்துக்குள்ளேயே. ஒப்பந்தத்தில் எண்ணிக்கையோடு வர வேண்டும். மூன்று இடங்கள் போதும்." அப்போது 'ரோட்டோரம் விட்டுக்கலாம் சார்' ரகம் பட்டியலிலேயே வராது.