ஏஜென்டின் நோட்டு யாருடையது?

செங்கம் போன்ற ஊரில் ஆயுள் காப்பீட்டு ஏஜென்டிடம் ஒரு தடித்த நோட்டு இருக்கும். மேலே ஜவ்வாது மலைக் கிராமத்தில் யாருக்கு எந்த மாதம் தவணை, பாலிசி எண் என்ன, நாமினி யார் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். ஏஜென்சியை முடித்துக்கொள்வதாக நிறுவனத்திடமிருந்து கடிதம் வருகிறது. நோட்டை ஒப்படைக்கச் சொல்கிறது. கமிஷன் வந்தால்தான் தருவேன் என்று ஏஜென்ட் மறுத்தால், அது நியாயமா?

முதலில் கமிஷனைப் பார்க்கலாம். எல்.ஐ.சி.யின் 1972 ஏஜென்ட் விதிகள், ஒரு மாத எழுத்து நோட்டீஸ் கொடுத்து ஏஜென்சியை முடிக்க இடம் தந்தன. ஆனால் ஏஜென்ட் பிடித்த பாலிசிகளுக்கான கமிஷன் அதோடு நின்றுவிடவில்லை. தொடர்ந்து 10 ஆண்டுகள் வேலை செய்தவருக்கு, மோசடி செய்து நீக்கப்பட்டவராக இல்லாவிட்டால், அந்த விதிகளின்படி கமிஷன் தொடர்ந்தது. ஆண்டுக்கு 12,000 ரூபாய் பிரீமியம் கட்டும் 100 பேர் இருந்து, புதுப்பிப்புக் கமிஷன் 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 60,000 ரூபாய். மலையேறி அலைந்து ஈட்டிய வருமானம் அது. அதைக் கேட்பது பேராசை அல்ல.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதுப்பிப்புக் கமிஷன் பிரீமியம் வந்த பிறகே பிறக்கிறது. நோட்டை மறைத்தால் தவணை நின்றுபோகும், கமிஷனும் நின்றுபோகும்.

அதைவிடப் பெரிய இழப்பு பாலிசிதாரருக்கு. ஆண்டுத் தவணை தவறினால் சலுகைக் காலம் 30 நாள். மாதத் தவணைக்கு 15 நாள்தான். ஏஜென்ட் வந்து நினைவூட்டுவார் என்று நம்பியிருந்த குடும்பம் அதற்குள் கட்டாவிட்டால் பாலிசி காலாவதியாகிறது. அதன்பின் மரணம் நேர்ந்தால் முழுத் தொகை கிடைக்காமல் போகலாம். கையில் பணத்தைக் கொடுத்து ரசீது வாங்காதவர் நிலை இன்னும் மோசம். தனி அனுமதி இல்லாமல் ஏஜென்ட் பிரீமியம் வசூலிக்க அந்த 1972 விதிகளே அதிகாரம் தரவில்லை.

புரோக்கராக இருந்தால் வாதம் சற்று மாறும். சட்டப்படி புரோக்கர் வாடிக்கையாளரின் சார்பாளர். வாடிக்கையாளர் பதிவுகளை வைத்திருக்க அவருக்குக் காரணம் உண்டு. ஏஜென்ட் நிறுவனத்தின் சார்பாளர். ஆனாலும் இருவர் நோட்டிலும் இருப்பது மூன்றாவது ஒருவரின் பெயர், வயது, நோய், குடும்பம். அதைப் பிணையாக வைக்க யாருக்கும் உரிமையில்லை.

நிறுவனத்துக்கும் கடமை உண்டு. கடிதம் ஏஜென்டுக்கு மட்டும் போனால் போதாது. நோட்டீஸ் மாதத்திலேயே ஒவ்வொரு பாலிசிதாரருக்கும், இனி எங்கே கட்டுவது, யாரைக் கேட்பது என்று தமிழில் எழுத வேண்டும். நிலுவைக் கமிஷனின் கணக்கை பாலிசி எண் வாரியாக ஏஜென்டிடம் கொடுக்க வேண்டும். ஏஜென்ட் பட்டியலை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கட்டும். கமிஷன் தகராறை மேல்முறையீட்டிலோ நீதிமன்றத்திலோ நடத்தட்டும். மலைக்கிராமத்தின் தவணைத் தேதி அதுவரை காத்திருக்காது.