வெறும் கொக்கு என்று சொல்லாதே!

தம்பி! தங்கையே! ஆலங்குளம் கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு "எல்லாம் கொக்குதான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதே. மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும் கரையிலும், ஆடுமாடு மேயும் கரிசல் காட்டிலும் மூன்று வகைக் கொக்குகளைப் பிரித்தறிய உன் கண்ணே போதும்.

"பறவைப் பெயரெல்லாம் படித்தவர்களுக்குத்தான் தெரியும்" என்று பின்வாங்குகிறாயா? சாலிம் அலியைப் பார். சிறுவனாக இருந்தபோது அவர் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன குருவி என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அந்தச் சிறுவன்தான் வளர்ந்து, 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய புகழ்பெற்ற கையேட்டை எழுதினார். தெரியாததைக் கேட்கத் துணிந்ததுதான் அவருடைய தொடக்கம்!

நீயும் தொடங்கு. ஆனால் எடுத்த எடுப்பில் புத்தகத்தைப் புரட்டாதே. புதிதாகப் பார்ப்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். படத்தை முதலில் பார்த்துவிட்டால், படத்தில் இருப்பதையெல்லாம் பறவையிலும் கண்டதாக மனம் சாதிக்கும். எனவே பறவை கண்ணெதிரே இருக்கும்போதே நோட்டை எடு. அலகு என்ன நிறம், கால் என்ன நிறம், எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது என்ற நான்கையும் எழுது. எழுதி முடித்த பிறகே கையேட்டைத் திற.

இப்போது கண்மாய்க்கு வா. ஆழமில்லாத தண்ணீரில் ஒல்லியான வெள்ளைப் பறவை ஒன்று நிற்கிறது. அலகு கருப்பு, காலும் கருப்பு. காலால் சேற்றைக் கிளறி, மிரண்டு ஓடும் மீனைக் கொத்துகிறது. அது பறக்கும்வரை பொறுத்திரு. வாலுக்குப் பின்னால் நீளும் பாதங்கள் மஞ்சளாக இருந்தால், அது சின்னக் கொக்கு. நிற்கும்போது அந்த மஞ்சளைத் தேடி ஏமாறாதே, சேறு மூடியிருக்கும்.

அடுத்து மேய்ச்சல் காட்டைப் பார். மாட்டின் காலடியில் இன்னொரு வெள்ளைப் பறவை ஓடுகிறது. கழுத்து குட்டை, அலகு மஞ்சள். மாடு நடக்கையில் புல்லிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளியைப் பிடிக்கிறது. இது உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் இதன் தலையிலும் கழுத்திலும் ஆரஞ்சு நிறம் ஏறும். அப்போது புதுப் பறவை என்று தடுமாறாதே. ஒரே பறவைக்குப் பருவத்துக்கு ஒரு தோற்றம் உண்டு. கையேட்டில் ஒரு படத்தோடு நின்றுவிடாமல், பக்கத்தில் உள்ள வரிகளையும் படி.

மூன்றாவதுதான் உன்னைச் சோதிக்கப்போகும் பறவை. கரையோரம், மண்ணோடு மண்ணாக, பழுப்பு நிறத்தில், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. நீ கிட்டே போனதும் எழும்புகிறது. அடுத்த கணம் பளீரென்று வெள்ளைச் சிறகு! பழுப்புப் பறவை ஒன்று ஒளிந்துகொண்டது, வெள்ளைப் பறவை ஒன்று பறந்தது என்று எழுதிவிடாதே. இரண்டும் ஒன்றுதான். அதுதான் மடையான். குருட்டுக்கொக்கு என்று நம் ஊரில் சொல்வதும் இதைத்தான். உட்கார்ந்த கோலத்தையும் பறக்கும் கோலத்தையும் சேர்த்துப் பார்த்தவன் இதில் ஏமாறமாட்டான்.

இதற்கு எந்தப் புத்தகம் வேண்டும்? ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி, க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு' தொடங்குபவருக்காகத் தமிழிலேயே எழுதப்பட்டது. முதலில் அதை எடு. துணைக்கண்டத்துப் பறவைகள் முழுவதையும் அடக்கிய பெரிய கையேட்டைப் பிறகு வாங்கலாம். நம் கரிசலுக்கு வராத இமயமலைப் பறவைகளின் படங்கள் இப்போது உன்னைக் குழப்பத்தான் செய்யும்.

பெயரோடு நின்றுவிடாதே! கையேடு உனக்குப் பெயரைத் தரும். அந்தப் பறவை எப்படி வாழ்கிறது என்று பொறுமையாகக் கவனிக்க இயற்கை எழுத்துதான் கற்றுத்தரும். மா. கிருஷ்ணனைப் படி. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' கிருஷ்ணனுடைய தமிழ்க் கட்டுரைகளின் நூல். 1950 முதல் 1996இல் மறையும்வரை ஆங்கில நாளிதழ் ஒன்றில் இயற்கையைப் பற்றி அவர் தொடர்ந்து எழுதினார். அவரைப் படித்துவிட்டுக் கண்மாய்க்குப் போனால், சின்னக் கொக்கின் பெயரை எழுதியதும் திரும்பிவிட மாட்டாய். அது எந்தக் காலால் சேற்றைக் கிளறுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பாய்.

ஒரு பறவை பிடிபடவில்லையா? ஊகித்துப் பெயர் சூட்டாதே. "தெரியவில்லை" என்று நிமிர்ந்து எழுது. அதன் கீழே அலகு, கால், இடம், செயல் நான்கையும் பதிவு செய். அப்படி எழுதிவைத்த பறவையை அடுத்த மாதமும் அடையாளம் காணலாம். தவறான பெயர் சூட்டிய பறவையை நீ மறுபடி தேடவே மாட்டாய். நாளைக் காலை வெயில் ஏறுமுன் நோட்டோடு கிளம்பு. கருப்பு அலகா, மஞ்சள் அலகா? முதல் வரியை எழுது!