மையவாடி வாசலில் ஒரு மகள்

அண்மையில் ஓர் ஊரில், வாப்பாவின் கபரைப் பார்க்க வந்த மகளை மையவாடி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டில் இருந்ததால் அவரால் ஜனாஸாவுக்கு வந்துசேர முடியவில்லை. நாற்பது நாள் கழித்து வந்தவர், சுவருக்கு வெளியே நின்று துஆ கேட்டுவிட்டுப் போனார். பெண்கள் உள்ளே போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு என்றார்கள். ஊர்க் கட்டுப்பாடாக இருக்கலாம், மார்க்கம் அல்ல.

முதலில் கபர் ஜியாரத்தைத் தடுத்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) பிறகு அதை அனுமதித்தார்கள். அது மறுமையை நினைவூட்டும் என்று திர்மிதியில் காரணமும் வருகிறது. மறுமை நினைவு ஆண்களுக்கு மட்டும் போதுமா? கபருக்கு அருகே அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நபியவர்கள், அல்லாஹ்வை அஞ்சிப் பொறுமையாக இருக்கச் சொன்னதாக அனஸ் (ரலி) வழியாக புகாரியில் இருக்கிறது. இங்கே ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. கபராளிகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஆயிஷா (ரலி) கேட்டபோது அதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்கிறது முஸ்லிம். போகவே கூடாதவருக்கு ஓதுவதைக் கற்றுத்தருவார்களா? ஆயிஷா நாயகி பின்னாளில் தம் சகோதரர் அப்துர் ரஹ்மானின் கபருக்குச் சென்றும் இருக்கிறார்கள்.

அவர்கள் கற்றது சிறிய ஸலாம்தான். அங்கே இருக்கும் முஃமின்களுக்கும் முஸ்லிம்களுக்கும் ஸலாம். முந்திப் போனவர்களுக்கும் பிந்தி வருபவர்களுக்கும் அல்லாஹ்வின் ரஹ்மத். அவன் நாடினால் நாங்களும் உங்களோடு வந்து சேர்வோம். நம் நாட்டில் மையித்தைத் தலை வடக்கே இருக்க, வலப்புறம் சாய்த்து, முகம் மேற்கே கிப்லாவைப் பார்க்கும்படி அடக்குகிறோம். ஆகவே மேற்குப் பக்கம் நின்றால் வாப்பாவின் முகத்துக்கு நேராக ஸலாம் சொல்லலாம். யாசீன் ஓதுவது பல ஊர்ப் பழக்கம். ஆதாரம் போதாது என்று அதை ஏற்காதவர்களும் உண்டு. இறந்தவருக்காகப் பாவமன்னிப்புக் கேட்பதில் இரு தரப்பும் ஒன்றுதான்.

தடுப்பவர்கள் காட்டுவது, கபர்களுக்குப் போகும் பெண்களைச் சபிக்கும் ஹதீஸை. அதில் வரும் 'ஸவ்வாராத்' என்ற சொல் அடிக்கடி போய்க்கொண்டே இருப்பவர்களைக் குறிக்கும் என்று இமாம் குர்துபி விளக்கியிருக்கிறார். ஷாஃபி நூல்களிலும் பெரும்பான்மைக் கருத்து மக்ரூஹ் என்பதுதான், ஹராம் அல்ல. ஒப்பாரிக்கு அஞ்சித் தடுக்கிறோம் என்கிறார்கள். அந்த அச்சம் நியாயமே. ஆனால் மாரடித்து அழுவது எவருக்கும் ஆகாது. கண்ணீர் எவருக்கும் குற்றமில்லை. தம் தாயாரின் கபரருகே நபியவர்களே அழுதார்கள்.

உண்மையில் தடுக்க வேண்டியவை வாசலுக்கு உள்ளேயே நடக்கின்றன. கபரைப் பூசுவதையும், அதன்மேல் கட்டுவதையும், உட்காருவதையும் நபியவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். நாமோ சிமெண்டு பூசி, பளிங்கு பதிக்கிறோம். குழி தோண்டி முடியும்வரை பழைய கபரின் திண்டில் உட்கார்ந்து கைபேசியில் பேசுகிறோம். கபர்மேல் உட்காருவதைவிட, ஆடையை எரித்துத் தோலைத் தொடும் நெருப்புக் கங்கில் உட்காருவது மேல் என்ற எச்சரிக்கையை அங்கே யார் நினைக்கிறார்கள்?

ஜமாஅத் பெரியவர்களே, வாரத்தில் ஒரு நாள் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் பெண்களுக்காக அந்தக் கதவைத் திறந்துவையுங்கள். வாப்பாவுக்கு ஸலாம் சொல்ல அந்த மகளுக்குச் சில நிமிடங்கள் போதும்.