பூட்டுத்திரையில் ஒரு நாள்காட்டி

ஒரு கருத்தரிப்பு மையத்திலிருந்து இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி வருவதாக வைத்துக்கொள்வோம்:

"👶 வணக்கம் மேடம்! உங்கள் ஃபாலிகுலர் ஸ்கேன் நாளை 📅 காலை 10.15 மணிக்கு ⏰. கணவரையும் அழைத்து வாருங்கள் 😊"

இதை எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வருகிறவர் ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கிறார், அவரிடம் கொஞ்சம் கனிவாகப் பேசலாமே என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் செய்தி போய்ச் சேரும் இடம் ஒரு கூட்டுக் குடும்பத்தின் கூடம். கைப்பேசி தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது. திரை ஒளிர்கிறது. பூட்டைத் திறக்காமலேயே முதல் இரண்டு வரிகள் தெரிகின்றன. சமையலறைக்குப் போகிற மாமியார் அதைப் பார்க்கிறார். சிகிச்சை எடுப்பதை இன்னும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்திருந்த முடிவை அந்தச் செய்தி ஒரே நொடியில் அவர்கள் கையிலிருந்து பறித்துவிட்டது.

இப்படி நடக்க முடியும் என்பதற்கு அஞ்சல் உறையிலேயே சான்று இருக்கிறது. 2017-இல் ஏட்னா என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஏறத்தாழ 12,000 வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் அனுப்பியது. முகவரி தெரிவதற்காக உறையில் கண்ணாடிக் காகிதம் ஒட்டிய சாளரம் இருந்தது. அதன் வழியே முகவரியோடு எச்.ஐ.வி. மருந்தைப் பற்றிய வரியும் தெரிந்தது. கடிதத்தின் உள்ளடக்கத்தில் தவறில்லை, அனுப்பிய முகவரியிலும் தவறில்லை. மடிப்புக்கும் சாளரத்துக்கும் நடுவே ஒரு வரி எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அந்த வழக்கைச் சமரசமாக முடிக்க நிறுவனம் ஒரு கோடியே எழுபது லட்சம் டாலர் அளவுக்குத் தர ஒப்புக்கொண்டது. இன்றைய கைப்பேசியின் பூட்டுத்திரை அந்த உறைச் சாளரம்தான். செய்தி எழுதுகிறவர்கள் அதைச் செய்தியின் முதல் வரி என்று நினைக்கிறார்கள். வீட்டில் இருக்கிறவர்களுக்கோ அது உறையின் வெளிப்புறம்.

ஆகவே கேள்வி இது. நோயாளியிடம் அன்பாகப் பேசுவதும் அவருடைய இரகசியத்தைக் காப்பதும் ஒன்றோடொன்று மோதும்போது எதை விட்டுக்கொடுப்பது? இந்தக் கேள்வியின் வடிவமே பிழை என்பது இக்கட்டுரையின் கருத்து. நினைவூட்டல் என்ற சொல்லைச் சற்று உற்றுப் பார்த்தாலே அது விளங்கும். ஏற்கெனவே தெரிந்த ஒன்றை மறந்துவிடாமல் இருக்கச் சொல்வதே நினைவூட்டல். அந்தப் பெண் எதற்காகப் போகிறோம் என்பதை மறக்கமாட்டார். இரவு தூங்கும்போதும் அது அவர் நெஞ்சில்தான் இருக்கும். அவர் மறக்கக்கூடியவை இரண்டே: நாள், நேரம். அப்படியென்றால் நாள்காட்டியும் கடிகாரமும் அந்தச் செய்திக்குப் பூட்டிய அலங்காரம் அல்ல, செய்தியே அவைதான். குழந்தைப் படமும் ஸ்கேனின் பெயரும் அவருக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. அடுத்தவர்களுக்குத்தான் சொல்கின்றன.

குழந்தைப் படத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிகிச்சையின் ஒரு சுற்று தோற்றுப்போவது அரிதான நிகழ்ச்சி அல்ல. தோற்ற மறுவாரத்தில் அடுத்த சந்திப்புக்கான செய்தி அதே 👶 படத்தோடு வந்து நின்றால் அதைப் பார்க்கிறவர் என்ன ஆவார்? செய்தியை அனுப்புவது ஒரு அட்டவணை. அட்டவணைக்கு நேற்று நடந்தது தெரியாது. கருக்கலைந்த பெண்ணின் பெயரை வரவேற்பு மேசையில் இருப்பவர் அன்றே அந்த அட்டவணையிலிருந்து எடுக்காவிட்டால், இரண்டு வாரம் கழித்து அது மகிழ்ச்சியாக வணக்கம் சொல்லும். மனிதர் முகம் பார்த்துப் பேசும்போது தானாக அடங்கிவிடுகிற உற்சாகம், படமாக வார்ப்புருவில் உறைந்துவிட்டால் அடங்காது. நாள்காட்டிக்கு இந்தக் கொடுமை இல்லை. அது எந்த முடிவையும் வாக்களிப்பதில்லை.

ஆனால் நாள்காட்டியும் கடிகாரமும் முழுக்க அப்பாவிகள் என்றும் எண்ணிவிடக் கூடாது. 📅 என்ற படத்தை உற்றுப் பார்த்தால் பல கைப்பேசிகளில் அதில் ஜூலை 17 என்று அச்சிட்டிருக்கும். ஆப்பிள் நிறுவனம் தன் நாள்காட்டிச் செயலியை 2002-இல் அறிவித்த நாள் அது. பிறகு மற்ற நிறுவனங்கள் சிலவும் அதையே வரையத் தொடங்கின. ஜூலை மாதத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஒருவருக்கு "14-ஆம் தேதி" என்ற எழுத்தும் 17 என்ற படமும் அடுத்தடுத்து வந்தால் எதை நம்புவார்? கடிகார முகப் படங்களோ மொத்தம் இருபத்துநான்குதான். முழு மணியும் அரை மணியும் மட்டுமே அவற்றில் உண்டு. 10.15-க்கு முகம் கிடையாது. பக்கத்தில் 🕙 போட்டால் படம் பத்து என்கிறது, எழுத்து பத்தேகால் என்கிறது. அதனால் மணி காட்டும் முகங்களை விட்டுவிட்டு, பொதுவான ⏰ ஒன்றை மட்டும் வைப்பதே நேர்மை. நேரம் எண்ணில்தான் இருக்க வேண்டும். படம் கண்ணை அங்கே இழுக்கும் கைகாட்டியாக மட்டும் இருக்கட்டும். அந்தக் கைகாட்டிக்கு மதிப்பு உண்டு. நீண்ட பத்திகளை வாசிக்கப் பழகாதவர்கள் கூட ⏰ பக்கத்தில் இருக்கிற எண்ணைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

நேரம் துல்லியமாக இருக்க வேண்டியது இந்தச் சிகிச்சையில் வெறும் ஒழுங்குக்காக அல்ல. கருமுட்டையை வெளியே எடுப்பதற்குச் சுமார் 34 முதல் 36 மணி நேரம் முன்பு, முட்டை முதிர்வதற்கான கடைசி ஊசியைப் போட வேண்டும். முட்டை எடுப்பது திங்கட்கிழமை காலை 11 மணி என்றும், ஊசி 35 மணி நேரம் முன்பு என்றும் வைத்தால் கணக்கு சனிக்கிழமை நள்ளிரவில் வந்து நிற்கும். இதை "ஞாயிறு 12 மணி" என்று எழுதினால் மூன்று விதமாகப் படிக்கலாம். சனி இரவு முடியும் நள்ளிரவு, ஞாயிறு நண்பகல், ஞாயிறு இரவு முடியும் நள்ளிரவு. நண்பகலில் போட்டால் 23 மணி நேரந்தான் இருக்கும், முட்டைகள் முதிர்ந்திருக்காது. பல நாள் ஊசியும் செலவும் வலியும் ஒரு சொல்லின் குழப்பத்தில் வீணாகும். கால் மணி நேரம் முன்னால் தள்ளி "சனி இரவு 11.45" என்று எழுதிவிட்டால் மூன்று பொருளும் ஒன்றாகிவிடும். "நாளை" என்ற சொல்லும் ஆபத்துதான். நெட்வொர்க் தாமதமாகிச் செய்தி நள்ளிரவுக்குப் பிறகு வந்து சேர்ந்தால் நாளை என்பது நாளை மறுநாளாகிவிடும். தேதியும் கிழமையும் சேர்ந்து இருந்தால் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும்.

இங்கேதான் உண்மையான நெருக்கடி வருகிறது. இரகசியத்துக்காகச் செய்தியை மங்கலாக்கினால் உயிரியல் மன்னிக்காது. தெளிவுக்காக "டிரிகர் ஊசி" என்று எழுதினால் வீடு அறிந்துவிடும். இரண்டையும் காக்கிற வழி ஒன்று உண்டு, அதற்குச் செவிலியரின் பத்து நிமிடம் தேவை. ஊசியின் பெயர், அளவு, போடும் முறை எல்லாவற்றையும் அன்று காலையே நேரில் சொல்லி, ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து, அவரைத் திருப்பிச் சொல்லவும் வைக்க வேண்டும். இரவுச் செய்தியில் "⏰ சனி இரவு 11.45" மட்டும் வந்தால் போதும். அவருக்குப் புரியும். மற்ற யாருக்கும் அது ஏதோ ஒரு நேரம். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தத்தான் பல இடங்களில் எல்லாவற்றையும் செய்திக்குள் திணிக்கிறார்கள். மையம் மிச்சம்பிடித்த நேரத்துக்கு நோயாளியின் இரகசியம் விலையாகிறது. இது நியாயமான கொடுக்கல்வாங்கல் அல்ல.

முதலில் சொன்ன செய்தியை இப்படித் திருத்தி எழுதலாம்:

"வணக்கம். 📅 14-ஆம் தேதி, வெள்ளி. ⏰ காலை 10.15. வர முடியாவிட்டால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள், வேறு நேரம் பார்க்கலாம்."

கனிவு இதில் குறையவில்லை. கடைசி வாக்கியத்துக்கு இடம் மாறியிருக்கிறது. வேறு நேரம் பார்க்கலாம் என்பது சிரித்த முகத்தைவிடப் பெரிய அன்பு. ஆனால் கூப்பிட்டால் உண்மையிலேயே யாராவது எடுக்க வேண்டும்.

செய்தி இவ்வளவு சுருங்கினாலும் அதன் தலையில் அனுப்புகிறவரின் பெயர் நிற்கிறது. "கருத்தரிப்பு மையம்" என்று அங்கே இருந்தால் கீழே எவ்வளவு அடக்கமாக எழுதியும் பயனில்லை. பல துறைகள் உள்ள மருத்துவமனை தன் பொதுப் பெயரில் அனுப்பலாம். தனி மையத்துக்கு அந்த வசதி இல்லை. அங்கே, எண்ணைத் தான் விரும்பும் பெயரில் சேமித்துக்கொள்ளலாம், அறிவிப்பில் அந்தப் பெயரே தெரியும் என்பதை நோயாளிக்குச் சொல்லித்தர வேண்டும். அது போதாதவருக்குத் தொலைபேசியில் பேச வேண்டும், அல்லது எதுவுமே அனுப்பாமல் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

செய்திகள் சேர்ந்து பேசுவதையும் தடுக்க முடியாது. மாதவிலக்கு தொடங்கிய ஒன்பதாம் நாள், பதினோராம் நாள், பதின்மூன்றாம் நாள் என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கேன் நடக்கும். மூன்று நாள்காட்டிப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால், அந்தச் சிகிச்சையைக் கடந்து வந்த அண்டை வீட்டுப் பெண்ணுக்கு வேறு விளக்கம் வேண்டாம். சந்திப்பு முடிந்ததும் பழைய செய்தியை அழிக்கலாம் என்று சொல்வதைத் தவிர மையத்தால் இதில் அதிகம் செய்ய முடியாது.

இந்தியாவில் செயற்கைக் கருத்தரிப்பு முறைகளை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம், சிகிச்சை பெறுகிறவர்களின் விவரங்களை இரகசியமாக வைக்க மையங்களைப் பணிக்கிறது. ஆனால் வரவேற்பு மேசையில் படிவம் நிரப்பும் கணத்தைச் சட்டம் வந்து பார்த்துக்கொண்டிருக்காது. அங்கே "போன் நம்பர்?" என்று கேட்கிறார்கள், பழக்கத்தில் கணவரின் எண்ணைக் கொடுக்கிறார்கள். ஸ்கேன் அவளுக்கு, ஊசி அவளுக்கு, நேரம் தெரிவது அவருக்கு. அவர் வேலையில் இருக்கும்போது கைப்பேசி மேசையில் கிடக்க, செய்தியை உடன் வேலை செய்பவர் படிக்கலாம். எண் யாருடையது, அதை வேறு யார் எடுப்பார்கள், அதில் எதை எழுதலாம், எந்த நேரத்தில் அனுப்பலாம் என்ற நான்கு கேள்விகளை அந்தப் பெண்ணிடமே கேட்க வேண்டும். பத்துப் பேர் வரிசையில் நிற்க உரக்கக் கேட்டால் கேள்வியே இரகசியத்தை உடைத்துவிடும். மருத்துவரைப் பார்த்த பிறகு, கதவை மூடிவிட்டு, செவிலியர் கேட்கட்டும். சிலர் "வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எப்படி வேண்டுமானாலும் அனுப்புங்கள், அந்தக் குழந்தைப் படம் நன்றாகத்தான் இருக்கிறது" என்பார்கள். அவர்களுக்கு அப்படியே அனுப்பலாம். அடுத்த சுற்று தொடங்கும்போது மட்டும் இன்னொரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும்.