அடைப்பை நீக்குமுன்

விடிந்தால் கட்டுரையை அனுப்பியாக வேண்டும் என்று, மேற்கோள் எண்களை மேலேற்ற Replace All பொத்தானில் விரல் வைத்திருப்பவர்களே, சற்றே நில்லுங்கள்! சதுர அடைப்புக்குள் இருக்கும்வரைதான் மேற்கோள் எண் தனித்துத் தெரியும். அடைப்பை நீக்கி மேலேற்றிவிட்டால், அது சதுர சென்டிமீட்டரின் 2, பத்தின் அடுக்கான 3 ஆகியவற்றோடு கலந்துவிடும். அப்புறம் எது மேற்கோள், எது அடுக்கு என்று பிரித்தெடுக்க உங்கள் கண் ஒன்றுதான் துணை. ஆகவே எண்ணை நிறுத்தற்குறிக்கு உரிய பக்கத்தில் வைக்கும் வேலையை முதலில் முடியுங்கள். மேலேற்றுவது கடைசியில் இருக்கட்டும்.

இதழின் விதியைப் படிக்காமல் கை வைக்காதீர்கள். அமெரிக்க வேதியியல் கழகத்தின் இதழ்களில் எண் நிறுத்தற்குறிக்குப் பின்னால் வரும். அமெரிக்க மருத்துவக் கழகத்தின் நடையிலோ முற்றுப்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் பின்னால், அரைப்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் முன்னால். இந்தப் பேதம் ஏன் என்று வாதாட இப்போது நேரமில்லை, கீழ்ப்படியுங்கள்.

எண்களை ஜொடேரோ, எண்ட்நோட் போன்ற மென்பொருள் இட்டிருந்தால், அதிலேயே நடையை மாற்றுங்கள். கையால் திருத்தியது அடுத்த புதுப்பிப்பிலேயே அழிந்துபோகக்கூடும். கையால் தட்டிய எண்கள் என்றால் வேர்டில் Use wildcards என்பதைத் தேர்ந்து இதைத் தேடுங்கள். முதல் எழுத்து ஓர் இடைவெளி, மறவாதீர்கள்:

```
 (\[[0-9,–]@\])([.,])
```

மாற்றாக `\2\1` இடுங்கள். இடைவெளி போகும், புள்ளி அடைப்புக்கு முன்னால் வரும். வாக்கியத்தின் நடுவில் நிற்கும் அடைப்புகளுக்கு முன்னுள்ள இடைவெளியையும் எடுத்துவிடுங்கள். அதன் பிறகே மேலேற்றுங்கள்:

```
\[([0-9,–]@)\]
```

மாற்றாக `\1`, எழுத்துரு அமைப்பில் Superscript.

இங்கேதான் உங்களுக்காக அஞ்சுகிறேன். ஒரேயடியாக மாற்றாதீர்கள், Find Next அழுத்தி ஒவ்வொன்றாய்ப் பாருங்கள்! [60]ஃபுல்லெரீன் என்று எழுதியிருப்பீர்கள். அந்த 60 கார்பன் அணுக்களின் எண்ணிக்கை. இயந்திரம் அதையும் மேலேற்றும். வாசகர் உங்கள் பட்டியலில் 60ஆம் கட்டுரையைத் தேடிப் போவார். [0,1] என்ற கணித இடைவெளிக்கும் இதே கதிதான். [2+2] தப்பிக்கும், கூட்டல் குறி நம் வலையில் இல்லாததால்.

இன்னொன்றையும் தள்ளிப்போடாதீர்கள். பரப்பளவு 12 cm² என்று எழுதி, அடுத்தே மூன்றாம் மேற்கோளை வைத்திருப்பீர்கள். மேலேற்றியதும் பக்கத்தில் நிற்பது இது:

```
12 cm²³
```

அடுக்கு இருபத்துமூன்றா? வாக்கிய இறுதி என்றால் நடுவில் வரும் புள்ளி ஓரளவு காக்கும். வாக்கியத்தின் நடுவில் என்றால் எந்த விதியும் காக்காது. அளவை எழுதும் இடத்திலிருந்து எண்ணை விலக்குங்கள், அளந்தவரின் பெயருக்குப் பின்னாலோ முறையைச் சொல்லும் சொல்லுக்குப் பின்னாலோ வையுங்கள். ஒவ்வொரு அலகின் பக்கத்திலும் இதைச் செய்துவிட்டு அனுப்புங்கள். அச்சுப்படி வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால், அடைப்பு போனபின் எந்த 3 யாருடையது என்று அங்கே உட்கார்ந்து தேட வேண்டியவர் நீங்களே.