அடிபட்ட காட்சியா, அளக்கச் சொன்ன காட்சியா?

சென்னையில் முன்பின் தெரியாத ஒரு தயாரிப்பாளருக்கு நான் எழுதிய மின்னஞ்சல் ஒரு வாரமாக அனுப்பப்படாமலே கிடந்தது. கடிதம் நாலே வரி. கூடவே ஒருபக்கக் கதைச்சுருக்கம், திரைக்கதையிலிருந்து ஆறு பக்கம். ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது தொழில் கணக்கு. அந்த ஆறு நிமிடத்தில் எதைக் காட்டுவது என்பதுதான் கேள்வி.

கதை என் அம்மையுடையது. நாஞ்சில் நாட்டு வயலில் ஒரு கன்னிப்பூ அறுவடையின்போது களத்தில் வைத்து அவளை அடித்தார்கள். 'அந்தக் காட்சியவே வையும்வே, வாசிக்கவன் அழுதிருவான்' என்றார் நண்பர். அழுவான்தான். ஆனால் அம்மையின் முதுகை இரண்டாம் முறையும் நடுக்களத்தில் நிறுத்த எனக்கு யார் உரிமை தந்தது?

அவளிடமே வாசித்துக் காட்டினேன். 'லே மக்கா, அடிச்சது அவன் செய்தது. நான் என்ன செய்தேன்னு எழுத மாட்டியா? மரக்காலுல கூலிநெல்லு குறையுதுன்னு திருப்பி அளக்கச் சொன்னேம்லா, அதுக்குத்தானே அடிச்சான்' என்றாள்.

அறம் மட்டுமல்ல, தொழிலும் அவள் பக்கம்தான். அடிபடும் காட்சியில் அவளுக்கு ஒரு வசனமும் இல்லை. அளக்கும் காட்சியிலோ அவளுக்கு ஒன்று வேண்டும், அளப்பவனுக்கு வேறொன்று வேண்டும், பின்னால் கடவத்தோடு நிற்கும் பெண்கள் பேசவும் முடியாமல் போகவும் முடியாமல் நிற்கிறார்கள். மாதிரிப் பக்கங்களில் தேடப்படுவது இதுதான்: ஆட்கள் தங்கள் வாயால் பேசுகிறார்களா? அடியைச் சுருக்கத்தில் ஒரு வரியாக வைத்தேன். முடிவையும் மறைக்காமல் எழுதினேன். முடிவை ஒளித்த சுருக்கம் சினிமா விளம்பரம். அதை வைத்து யாரும் படம் எடுக்கத் தீர்மானிக்க முடியாது.

அப்படியானால் திருடிவிட்டால்? ஆர்.ஜி. ஆனந்த் தன் 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தை ஒரு திரைப்பட இயக்குநருக்கு வாசித்துக் காட்டினார். 1956இல் 'நியூ டெல்லி' படம் வந்தது. தன் நாடகம்தான் அது என்று வழக்குப் போட்டார். கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அது சொல்லப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு என்று 1978இல் உச்சநீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதாவது, 'கூலி கேட்டவள் அடிபட்டாள்' என்பதை யாரும் எடுத்துக்கொள்ளலாம். காட்சியின் ஒழுங்கும் வசனமும்தான் நம்முடையது. ஆகவே முழுத் திரைக்கதையையும் எழுதி முடித்து, எழுத்தாளர் சங்கத்தில் பதிந்த பிறகே அனுப்ப வேண்டும். அனுப்பிய மின்னஞ்சலை அழிக்கவும் கூடாது. யாருக்கு, என்றைக்கு, எது போனது என்பதற்கு அதுவே சாட்சி. இதெல்லாம் திருட்டைத் தடுக்காது. கேட்பதற்கு நமக்கு ஒரு பிடி தரும், அவ்வளவே.

அம்மையின் பேச்சைச் சென்னைத் தமிழாக்கவில்லை. வாசிப்பவர் ஒரு சொல்லில் தடுக்கினால் தடுக்கட்டும்.

'அனுப்பட்டுமா அம்மை?' என்றேன்.

'எம்பேரு போடாண்டாம். அளவு மட்டும் சரியா இருக்கட்டு.'

அனுப்பினேன்.